ஆடு போன பிறகாவது: சீன நான்கெழுத்துத் தொடர்களைத் தமிழாக்குவது பற்றி

சீன மொழியில் ‘செங்யூ’ எனப்படும் மரபுத்தொடர்களில் மிகப் பல நான்கே எழுத்துகளால் ஆனவை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு சொல். பலவற்றின் பின்னால் ஒரு கதை இருக்கும். தொடரில் அந்தக் கதை முழுதாக இராது, அதன் இரண்டு செயல்கள் மட்டும் இருக்கும். மிச்சத்தைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். தமிழ் வாசகருக்கு நிரப்பிக்கொள்ள எதுவும் இல்லாததால், மொழிபெயர்ப்பாளர் வழக்கமாக இரண்டு வழிகளில் ஒன்றில் இறங்குகிறார்: சொல்லுக்குச் சொல் பெயர்த்து அடிக்குறிப்புப் போடுவது, அல்லது அருகில் கிடக்கும் தமிழ்ப் பழமொழியை எடுத்து வைப்பது. முதலாவதில் நடை விறைத்துப்போகிறது. இரண்டாவது பல நேரம் பொருளையே கவிழ்த்துவிடுகிறது. கதையும் ஓட்டமும் ஒருசேரத் தங்குவதற்கான இடம் தமிழின் இடைச்சொற்களிலும், ‘இலவு காத்த கிளி’ போன்ற உவமைத்தொடர்களின் அச்சிலும் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழுக்குச் சீனம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் தோளில் ஏறித்தான் வந்திருக்கிறது. நேரடியாக வந்தவை குறைவு. 1963 ஆகஸ்டில் தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு ஒன்று. இந்திய வெளியுறவுப் பணியில் இருந்த ஸ்ரீதரன், ‘பயணி’ என்ற பெயரில், சீனத்தின் பழைய கவிதைத் தொகையிலிருந்து நேராகத் தமிழில் தந்த ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ (காலச்சுவடு, 2012) இன்னொன்று. சங்கப் பாடலின் செவியோடு சீனக் கவிதையை அணுக முடியும் என்று அந்நூல் காட்டியது. கவிதைக்குச் சங்கம் துணைக்கு வந்தது. கதைத்தொடருக்குத் துணை வரக்கூடியது பேச்சுவழக்கு.

ஒரு தொடரை நெருங்கிப் பார்ப்போம்: ‘வாங் யாங் பூ லாவ்’. இழ, ஆடு, செப்பனிடு, பட்டி. நான்கும் தமிழர் அறிந்தவைதான். ஆடு எப்படிக் காணாமல் போகும், படலில் ஓட்டை எங்கே விழும் என்று திண்டுக்கல் சமவெளிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் விலை பேசி நிற்பவர்களுக்கு இந்த நான்கு சொற்களைச் சொன்னால், அவர்களே ஒரு வாக்கியமாக்கிவிடுவார்கள். அந்த வாக்கியம் தவறாக இருக்கும் என்பதுதான் சிக்கல். ‘ஆடு போன பிறகு பட்டியை அடைச்சானாம்’ என்றுதான் தமிழ்க் காதுக்கு அது வந்து விழும். கேலி அதில் தானாக ஏறிக்கொள்ளும். ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’, ‘தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை’ என்று நம்மிடம் இருக்கும் தொடர்கள் எல்லாம் காலம் கடந்த முயற்சியைப் பழிப்பவை. ஆங்கிலம் வழியாக வருபவருக்குச் சிக்கல் இரட்டிப்பு. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டும் பழமொழி அங்கே காத்திருக்கிறது. அதுவும் ஏளனம்தான்.

சீனத் தொடர் சொல்வது இதற்கு நேர் எதிர். அது வரும் நூல், போரிடும் அரசுகள் காலத்துப் பேச்சுகளின் தொகுப்பான ‘ஜங்குவோ த்ஸே’. சூ நாட்டு அரசன் ஷியாங் தனக்குப் பிடித்த நால்வரோடு கேளிக்கையில் மூழ்கியிருக்கிறான். தலைநகருக்கே ஆபத்து என்று ஜுவாங் ஷின் என்பவர் எச்சரிக்கிறார். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டதா என்று அரசன் கேட்கிறான். அவர் ஜாவ் நாட்டுக்குப் போய்விடுகிறார். அவர் அங்கே ஐந்து மாதங்கள் இருந்த நிலையில், மேற்கே இருந்த ச்சின் நாட்டுப் படை தலைநகர் யிங்கைப் பிடித்துவிடுகிறது; வரலாற்றில் அது கி.மு. 278. ஓடி ஒளிந்த அரசன் தேர் அனுப்பி அவரை வரவழைத்து, இனி என்ன செய்வது என்று கேட்கிறான். அப்போது அவர் நாட்டுப்புறத்து வழக்கு ஒன்று கேட்டிருப்பதாகச் சொல்லி ஆரம்பிக்கிறார். முயலைக் கண்ட பிறகு நாயைக் கூப்பிட்டாலும் பிந்திவிடவில்லை, ஆடு போன பிறகு பட்டியைச் செப்பனிட்டாலும் தாமதமில்லை என்பது அதன் கருத்து. சூ நாட்டுக்கு இன்னும் ஆயிரக்கணக்கான லி நிலம் மிஞ்சியிருக்கிறது, நூறு லி நிலத்தோடு எழுந்த அரசர்களும் உண்டு என்று அவர் மேலே பேசுகிறார்.

இங்கே இரண்டு செய்திகள் மொழிபெயர்ப்பாளருக்குத் தேவையானவை. ஒன்று, ‘தாமதமில்லை’ என்ற தீர்ப்பு மூலப் பேச்சில் இருந்தது. நான்கெழுத்தாகச் சுருங்கியபோது அது உதிர்ந்துவிட்டது. சீனர் அதைச் சொல்லாமலே கேட்கிறார். நான்கெழுத்தை மட்டும் பெயர்த்தால் பேச்சின் உயிர்ப்பகுதி வெளியே நின்றுவிடும். மற்றொன்று, ஜுவாங் ஷின் வேண்டுமென்றே பட்டிக்காட்டுப் பேச்சை அரசவைக்குள் கொண்டுவருகிறார். ‘ஆட்டினை இழந்தபின் கொட்டிலைச் செப்பனிடல்’ என்று தொழிற்பெயரில் முடித்தால் பிழையொன்றும் இல்லை; ஆனால் எந்தக் கிராமத்திலும் எவரும் அப்படிப் பேசியதில்லை. விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது நல்ல சான்று. சொற்களை மாற்றினால் மட்டும் அது போகாது. ‘-தல்’, ‘-அல்’ ஈறுதான் தொடரை அகராதிப் பதிவாக்கிவிடுகிறது. ஒருவர் சண்டைக்கு நடுவே இதைச் சொல்வாரா என்று வாய்விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தமிழில் தீர்வு ஓர் இடைச்சொல்லில் இருக்கிறது. ‘ஆடு போன பிறகு’ என்றால் பழிப்பு. ‘ஆடு போன பிறகாவது’ என்றால் அறிவுரை. ‘-ஆவது’ சேர்ந்ததும், முன்பே செய்திருக்கலாம் என்ற வருத்தமும் இப்போது செய்தாலும் பயனுண்டு என்ற நம்பிக்கையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஜுவாங் ஷின் பேச்சின் குரல் அதுவே. ஆகவே ‘ஆடு போன பிறகாவது பட்டியை அடை’ என்பது என் பரிந்துரை. ‘செப்பனிடு’ வேண்டாம். முள்வேலியிலும் படலிலும் விழுந்த ஓட்டையை அடைப்பார்கள், செப்பனிட மாட்டார்கள். ‘பட்டி’யா ‘கிடை’யா என்ற கேள்வியும் உண்டு. வயலுக்கு உரமாக இரவில் ஆடுகளை மறிக்கும் கிடை இடம் மாறிக்கொண்டிருப்பது. சீனத் தொடரின் ‘லாவ்’ நிலையான அடைப்பு. அதற்குப் பட்டிதான் பொருந்தும்.

இன்றைய சீனப் பிள்ளைகள் இத்தொடரைப் படிக்கும்போது அரசவை அங்கே இல்லை. ஓர் இடையன், ஓட்டை வழியே வந்த ஓநாய், அடைக்கச் சொன்ன அயலார், கேளாமல் இன்னோர் ஆட்டையும் இழந்து பிறகு அடைத்த கதை என்று பாடப்புத்தகத்தில் வருகிறது. கதையைக் காப்பாற்ற வேண்டும் என்கிறோமே, எந்தக் கதையை? வரலாற்று நாவல் என்றால் ஜுவாங் ஷின் தேவைப்படலாம். மற்றவற்றுக்கு இடையன் போதும், அவனை ‘-ஆவது’ என்ற ஓர் இடைச்சொல்லே கொண்டுவந்துவிடும்.

அடுத்தது அச்சு. ‘ஷௌ ஜூ தாய் தூ’ என்ற தொடர், அடிக்கட்டையைக் காத்து முயலுக்காக இருப்பது. ஹான் ஃபெய் சொன்ன கதை: சோங் நாட்டு உழவன் ஒருவனின் வயலில் கட்டை ஒன்று இருந்தது. ஓடிவந்த முயல் அதில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. அவன் கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காகக் கட்டையருகே உட்கார்ந்தான். முயல் வரவில்லை, ஊர் சிரித்தது. பழைய அரசர்களின் முறையைக் கொண்டே இன்றைய மக்களை ஆளப் பார்ப்பவர்களைக் குத்துவதற்காக அவர் இதைச் சொன்னார்.

தமிழில் காத்திருப்பு என்றதும் ‘இலவு காத்த கிளி’ வந்து நிற்கும். அதை அப்படியே வைப்பது தவறு. கிளி காய் பழுக்கும் என்று நம்பியது; அந்த நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது, பஞ்சு வெடித்ததும் நமக்கு இரக்கம் வருகிறது. உழவனோ ஒருமுறை நேர்ந்த தற்செயலை விதியாக எடுத்துக்கொண்டான். அவன்மேல் யாருக்கும் இரக்கமில்லை. ஆனால் கிளியை விட்டுவிட்டு அதன் அச்சை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பெயர், பெயரெச்சம், பெயர் என்ற அந்த அமைப்பிலேயே ‘கட்டை காத்த உழவன்’ என்று சொன்னால், கேட்காத தொடராக இருந்தாலும் அந்நியமாக ஒலிக்காது. தமிழில் ஏற்கெனவே இருந்து, நாம்தான் மறந்துவிட்டோமோ என்று தோன்றும்.

கதை தெரியாத வாசகருக்கு அது எப்படிப் புரியும்? ஒருமுறை விதைக்க வேண்டும். அடிக்குறிப்பில் அல்ல, பேசுபவர் வாயிலேயே. சீனக் கதையொன்றில் ஒரு பட்டறை முதலாளியைப் பற்றிப் பேச்சு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை: ‘போன வருஷம் தானா வந்த ஆர்டரை நினைச்சுக்கிட்டு இந்த வருஷமும் உட்கார்ந்திருக்காரு. கட்டையில முயல் மோதிச் செத்ததும், ஏரைப் போட்டுட்டு அடுத்த முயலுக்குக் கட்டையைக் காத்தானே ஒருத்தன், அந்தக் கதைதான்.’ ‘காத்தானே’ என்பதன் ஏகாரம், கதை எல்லோருக்கும் தெரிந்ததுபோல ஒரு பாவனை செய்கிறது. சீன வாசகருக்குக் கிடைக்கும் உரிமையைத் தமிழ் வாசகருக்கும் தந்துவிடுகிறது. பத்துப் பக்கம் கழித்து ‘இன்னும் கட்டையைத்தான் காக்கிறாரா?’ என்றால் போதும்.

எல்லா இடத்திலும் இப்படி விதைக்கக் கூடாது. சீனர் பேச்சில் பல தொடர்கள் கதையை மறந்துவிட்ட வெறும் வினையடைகளாகவே வருகின்றன. சுற்றியுள்ள வாக்கியங்கள் முயலையோ கட்டையையோ மறுபடி தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தொடவில்லை என்றால் ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். கதையும் பொருளும் பிரிந்துபோன தொடர்களும் உண்டு. காலையில் மூன்று, மாலையில் நான்கு கொட்டைகள் என்றதும் கோபித்துக்கொண்ட குரங்குகள், காலையில் நான்கு, மாலையில் மூன்று என்றதும் மகிழ்ந்தன என்பது ஜுவாங்ஸி நூலில் வரும் கதை. இன்று அந்தத் தொடரைச் சொன்னால் மனம் மாறிக்கொண்டே இருப்பவர் என்று பொருள். காதலனைத் திட்டும் பெண்ணின் வாயில் குரங்கைத் தேடுவது வீண். ‘நேரத்துக்கு ஒரு பேச்சு’ என்பதே அங்கே சரி.

கடைசியாக, கதை உயிரோடிருந்தும் தமிழ் குறுக்கே நிற்கும் ஒரு தொடர். ‘ஹுவா ஷெ தியென் ஜூ’, பாம்பை வரைந்து கால் சேர்ப்பது. தேவையற்றதைச் செய்து கெடுப்பதைக் குறிக்கும். ‘பாம்புக்குக் கால்’ என்றதும் நம் காதில் ‘பாம்பின் கால் பாம்பறியும்’ ஒலிக்கிறது. அங்கே பாம்புக்குக் கால் உண்டு, நமக்குத்தான் தெரியாது! பொருள் தலைகீழாகிறது. மூலக் கதைக்குப் போனால் வழி தெரிகிறது. சூ நாட்டில் வேள்வி முடிந்து ஏவலாளர்களுக்கு ஒரு கிண்ணம் மது கிடைக்கிறது. எல்லோருக்கும் போதாது, தரையில் பாம்பை முதலில் வரைபவன் குடிக்கட்டும் என்று பந்தயம். முதலில் முடித்தவன் கிண்ணத்தைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, நேரமிருக்கிறதே என்று காலும் வரைகிறான். அதற்குள் முடித்த மற்றொருவன், பாம்புக்கு ஏது கால் என்று கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிடுகிறான். நான்கெழுத்துத் தொடரில் கிண்ணம் இல்லை. தமிழில் அதை மீட்டு ‘பாம்புக்குக் கால் வரைந்து கள் இழந்த கதை’ என்று சொன்னால், பழைய பழமொழி விலகிக்கொள்கிறது. கால், கள் என்று மோனையும் விழுகிறது. தானிய மது கள்ளாகிவிடுகிறது என்று சீன அறிஞர் ஆட்சேபிக்கலாம். அந்த விலையை நான் கொடுக்கத் தயார்.