பூட்டு சரி, ஆள் வேற

இண்டர்வியூல டிஎல்எஸ் பத்திக் கேட்டா நான் டிஜிநோட்டார் கதையைத்தான் சொல்லுவேன்.

முதல்ல வழக்கமா நடப்பது. பிரவுசர் பேச்சை ஆரம்பிக்கும். சர்வர் தன் பொதுச்சாவி இருக்கும் சான்றிதழை நீட்டும். ரகசியச்சாவியால் கையெழுத்துப் போட்டு 'நான்தான்'னு நிரூபிக்கும். இருவரும் சேர்ந்து ஒரே சாவியை உருவாக்கி, மிச்சப் பேச்சை வேகமான சிம்மெட்ரிக் முறையில் பூட்டுவார்கள்.

ஆனா அந்தப் பொதுச்சாவி கூகிளோடதுன்னு யார் சொன்னது? சான்றிதழ் கொடுத்த நிறுவனம்! 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டாருக்குள் புகுந்தவர்கள் கூகிள் பேரில் ஒரு சான்றிதழ் போட்டுக்கொண்டார்கள். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் நடுவழியில் ஒட்டுக்கேட்கப்பட்டது. பூட்டு உடையவே இல்லை. எதிரே இருந்த ஆள்தான் வேற.

கூகிளுக்கு யாரெல்லாம் சான்றிதழ் தரலாம்னு குரோமுக்குள்ளேயே பட்டியல் இருந்ததால், ஆகஸ்டில் எச்சரிக்கை வந்து குட்டு வெளிப்பட்டது. செப்டம்பரில் டிஜிநோட்டார் திவால்.