சலவையில் சமையல் சோடா, வினிகர், எலுமிச்சை

துணி துவைக்கும்போது சலவைத்தூளுடனோ அதற்கு மாற்றாகவோ சமையல் சோடா, வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்ப்பது பல நாடுகளில் வழக்கிலுள்ள வீட்டு முறையாகும். சமையல் சோடா ஆப்ப சோடா எனவும், வினிகர் புளிங்காடி எனவும் இலங்கை வழக்கில் வினாகிரி எனவும் அழைக்கப்படுகின்றன. முதலாவது பொருள் மென்மையான காரம். மற்ற இரண்டும் மென்மையான அமிலங்கள். துணியிலோ நீரிலோ தமக்கு எதிரான பொருள் இருக்கும் இடத்தில் மட்டுமே இவை பயன் தருகின்றன. அமில நாற்றத்திற்குச் சோடாவும், காரப் படிவிற்கு வினிகரும், இரும்புக் கறைக்கு எலுமிச்சையும் பொருந்தும். இவற்றுள் எதுவும் சலவைத்தூளைப் போல எண்ணெயையும் அழுக்கையும் நீரில் பிரித்து நிறுத்தும் பொருளன்று.

சோடாவையும் வினிகரையும் கலத்தல்

இரண்டையும் ஒன்றாகக் கொட்டும்போது எழும் நுரையே பலரையும் இம்முறையின்பால் ஈர்க்கிறது. அந்த நுரை வெறும் கார்பன் டைஆக்சைடு வளிமம். அதற்குத் துப்புரவுத் திறன் இல்லை. நிகழும் வேதிவினை பின்வருமாறு:

NaHCO3 + CH3COOH → CH3COONa + H2O + CO2

எடுத்துக்காட்டாக, அரைக் கோப்பை (ஏறத்தாழ 110 கிராம்) சமையல் சோடாவையும் ஒரு கோப்பை (240 மில்லிலிட்டர்) வினிகரையும் ஒரே வாளியில் இடுவதாகக் கொள்வோம். கடைகளில் கிடைக்கும் வினிகரில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்குமானால், ஒரு கோப்பையில் உள்ள அமிலம் 9.6 கிராம். இதனை முழுதும் நடுநிலையாக்க 13.4 கிராம் சோடாவே போதும். நுரை அடங்கியபின் வாளியில் எஞ்சுவது சோடியம் அசிட்டேட்டு என்னும் உப்பும், வினையில் ஈடுபடாத ஏறத்தாழ 97 கிராம் சோடாவும் ஆகும். அமிலம் முழுதும் தீர்ந்துவிட்டது. வெளியேறிய வளிமம் ஏறத்தாழ 4 லிட்டர். வினிகர் சேர்க்காமல் சோடாவை மட்டும் கரைத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே கரைசல்தான் கிடைத்திருக்கும். இக்கலவையைப் போத்தலில் இட்டு மூடி வைத்தால் வளிமத்தின் அழுத்தத்தால் போத்தல் வெடிக்கக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

சலவை இயந்திரத்தில் சோடாவைத் துவைப்பு நீரிலும், வினிகரைக் கடைசி அலசலிலும் சேர்த்தால் இந்த இழப்பு நேராது. இடையில் துவைப்பு நீர் வெளியேற்றப்பட்டுவிடுவதால் இரண்டும் பெருமளவு சந்திப்பதில்லை.

சமையல் சோடாவின் பயன்

வியர்வை, புளித்த பால், வாந்தி ஆகியவற்றின் நாற்றத்தில் பெரும்பங்கு எளிதில் ஆவியாகும் கொழுப்பமிலங்களால் உண்டாவது. சோடாக் கரைசலில் இவை உப்புகளாக மாறுகின்றன. உப்புகள் ஆவியாவதில்லை, ஆகவே மூக்கை எட்டுவதில்லை. நீரில் கரைந்து அலசலில் போய்விடுகின்றன. 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா கரைத்து, துணியை ஒரு மணி நேரமேனும் ஊறவைத்துப் பின் வழக்கம்போல் துவைப்பது இதற்குரிய முறையாகும். பருத்தித் துணியில் இது நன்கு பலிக்கும். பாலியெஸ்டர் துணியில் நாற்றம் தரும் பொருள்கள் உடல் எண்ணெயோடு இழையில் ஒட்டிக்கொள்வதால் சோடா மட்டும் போதாது. சலவைத்தூளும் வெந்நீரும் தேவை.

எண்ணெய்க் கறைக்குச் சோடா ஏற்றதன்று. சமையல் சோடாக் கரைசலின் pH மதிப்பு ஏறத்தாழ 8.3. சலவைத்தூள் கரைசலின் மதிப்பு பெரும்பாலும் 10-ஐ ஒட்டியும், சலவை சோடா என்னும் சோடியம் கார்பனேட்டின் மதிப்பு 11-ஐ ஒட்டியும் இருக்கும். எனவே சலவைத்தூளோடு மிகுதியான சமையல் சோடாவைச் சேர்த்தால் கரைசலின் காரத்தன்மை கூடுவதற்கு மாறாகக் குறையும். சலவைத்தூளுக்கு வலுவூட்டச் சேர்க்கப்படும் பொருள் அதன் வலுவைக் குறைப்பது விந்தையாகத் தோன்றினாலும் வேதியியல் அவ்வாறே சொல்கிறது. பெயர் ஒற்றுமையால் சமையல் சோடாவும் சலவை சோடாவும் ஒன்றெனக் கொள்வதே இக்குழப்பத்திற்குக் காரணம் எனலாம்.

கடின நீரும் சோடாவும்

சமையல் சோடா கடின நீரை மென்னீராக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. கால்சியத்தை நீரிலிருந்து படியச் செய்வது கார்பனேட்டு. சமையல் சோடா தருவதோ பைகார்பனேட்டு. தற்காலிகக் கடினத்தன்மை எனப் பள்ளிப் பாடங்களில் கூறப்படுவது நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து இருக்கும் நிலையே. ஆகவே சமையல் சோடா இடுவது, தற்காலிகக் கடினத்தன்மைக்குக் காரணமான இரு பொருள்களுள் ஒன்றை நாமே நீரில் சேர்ப்பதாகும். குளிர்ந்த நீரில் இதனால் உடனடித் தீங்கில்லை. இயந்திரத்தின் சூடேற்றி அந்நீரைக் கொதிநிலை நோக்கிச் சூடாக்கும்போது பைகார்பனேட்டு சிதைந்து கால்சியம் கார்பனேட்டு வெண்படிவாகச் சூடேற்றிக் கம்பியின்மீது ஒட்டுகிறது. கடின நீர் உள்ள ஊர்களில், சூடேற்றி உள்ள இயந்திரத்தில், ஒவ்வொரு முறையும் கைநிறையச் சோடா இடுவது இதனால் தவிர்க்கத்தக்கது. முன்னர்க் கூறியதுபோல் தனி வாளியில் ஊறவைப்பதற்கு இந்தத் தடை இல்லை.

அலசல் நீரில் வினிகர்

துணியில் தங்கிய சவர்க்காரப் படிவும் காரமும் துண்டுகளை விறைப்பாக்குகின்றன. கடைசி அலசலில் சேர்க்கும் வினிகர் இவற்றை நீக்கி மென்மை தரும் என்பது இம்முறையின் அடிப்படை. கொள்கையளவில் இது சரி. சவர்க்காரக் கட்டியால் துவைக்கும் வீடுகளில் பலனும் தெரியும். ஆனால் அளவே இங்குத் தடையாகிறது.

லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட்டு அளவீட்டில்) உடைய ஆழ்துளைக் கிணற்று நீரில் 20 லிட்டர் எடுத்து அலசுவதாகக் கொள்வோம். அந்நீரில் உள்ள காரத்தன்மை மொத்தம் 6 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரானது. அதனை நடுநிலையாக்க 7.2 கிராம் அசிட்டிக் அமிலம், அதாவது 4 விழுக்காட்டு வினிகர் 180 மில்லிலிட்டர் வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் அரைக் கோப்பை 120 மில்லிலிட்டரே. அது துணியை அடையுமுன் நீரிலேயே தீர்ந்துவிடுகிறது. மேலிருந்து துணி இடும் இயந்திரங்கள் ஓர் அலசலுக்கு இதைவிட மிகுதியான நீரைக் கொள்வதால் அவற்றில் பயன் இன்னும் குறைவு. வாளியில் 5 லிட்டர் நீரில் அலசும்போது 60 மில்லிலிட்டர் வினிகர் ஓரளவு வேலை செய்யும்.

துணியில் காரம் எஞ்சியுள்ளதா என்பதை மஞ்சள் தூள் கொண்டு அறியலாம். அலசிய துணியைப் பிழிந்து வரும் நீரை ஒரு வெண்கிண்ணத்திலும், குழாய் நீரை மற்றொன்றிலும் எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் இடவேண்டும். பிழிந்த நீர் மட்டும் செம்பழுப்பாக மாறினால் காரம் எஞ்சியுள்ளது. அந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது சலவைத்தூளின் அளவைக் குறைப்பது அல்லது இன்னொரு முறை அலசுவது. வினிகர் அதற்குப் பிறகே.

நீர்த்த வினிகரைத் துணிக்கான கிருமிநீக்கியாகக் கருத இயலாது. புதிய பருத்தித் துணியின் சாயம் போகாதிருக்க உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறவைப்பதும் பெரும்பாலும் வீண் உழைப்பே. அமிலம் உதவுவது கம்பளி, பட்டு போன்றவற்றிற்குச் சாயமேற்றும் கட்டத்தில்தான். பருத்திச் சாயங்கள் வேறு வகையானவை.

எலுமிச்சையும் கறைகளும்

எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் இரும்பு அயனிகளைப் பற்றிக்கொண்டு அவற்றை நீரில் கரையச் செய்கிறது. கொடிக்கம்பி, ஆணி ஆகியவற்றால் வெள்ளைப் பருத்தித் துணியில் ஏற்படும் துருக்கறைக்கு இதுவே மூன்றிலும் சிறந்த பயன் எனலாம். கறையை நனைத்து, சாறும் சிறிது உப்பும் இட்டு, காயவிடாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்து, பின்பு நன்கு அலச வேண்டும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். துருக்கறைமீது குளோரின் வெளுப்பானை ஊற்றினால் கறை மேலும் அழுத்தமாகும். சாற்றை அலசாமல் உலர்த்தித் தேய்ப்புப்பெட்டி வைத்தால், ஆவியாகாத சிட்ரிக் அமிலம் செறிந்து பருத்தி இழையை நலிவுறச் செய்யும். சாற்றின் சர்க்கரையும் பழுப்பாகும்.

மஞ்சள் கறையின் கதை வேறு. சவர்க்காரம் பட்டதும் சிவக்கும் மஞ்சள் கறை, எலுமிச்சை பட்டதும் மீண்டும் மஞ்சளாகிறது. கறை வெளிறிவிட்டதாக இது தோற்றமளித்தாலும், குர்க்குமின் என்னும் நிறமி துணியிலேயே இருக்கிறது. நிறம் மட்டுமே மாறுகிறது. அதனைச் சிதைப்பது வெயில். துவைத்த துணியை ஈரத்தோடு நேர்வெயிலில் காயவைப்பதே போதுமானது. வண்ணத் துணிகளில் எலுமிச்சையைப் பயன்படுத்துமுன் உள்மடிப்பில் சோதிக்க வேண்டும். சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் சிலருக்குத் தோலில் கொப்புளமும் கருமையும் உண்டாகும். இது தேசிக்காய் வகைகளின் சாற்றிலுள்ள பொருள்கள் சூரிய ஒளியுடன் சேர்வதால் ஏற்படுவது.

இயந்திரத்திற்கு நேரும் தீங்கு

அலசலில் நீர்த்துவிட்ட வினிகர் ஒரு முறையில் இயந்திரத்தைக் கெடுத்துவிடாது. செறிவும் தங்கும் நேரமுமே தீங்கை முடிவு செய்கின்றன. கதவு வளையத்திற்குப் பயன்படும் இபிடிஎம் இரப்பர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பெரும்பாலும் தாங்கும். நைட்ரைல் இரப்பர் அவ்வளவு தாங்காது. எந்தக் குழாயில், எந்த அடைப்பு வளையத்தில் எவ்வகை இரப்பர் உள்ளது என்பது பயனருக்குத் தெரிவதில்லை. கதவு வளைய மடிப்பில் வினிகரை ஊற்றி இரவு முழுதும் விடுவதும், மென்மையாக்கிப் பெட்டியில் ஒவ்வொரு சலவைக்கும் நீர்க்காத வினிகரை நிரப்புவதும் இக்காரணத்தால் தவறானவை. இரப்பர் பிசுபிசுப்பாவதும், உப்புவதும், நகத்தால் அழுத்தினால் நுண்வெடிப்பு தெரிவதும் முதல் அறிகுறிகள். முன்கதவு இயந்திரங்கள் பலவற்றில் உருளையைத் தாங்கும் பின்புற உலோகக் கைகள் அலுமினியக் கலவையால் ஆனவை. அலுமினியம் அமிலம், காரம் இரண்டாலும் அரிக்கப்படும். இவை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், உருளை ஆடும்போதுதான் அரிப்பு வெளிப்படும்.

எலுமிச்சைத் துண்டுகளை இயந்திரத்தில் இடுவது எவ்வகையிலும் பொருந்தாது. விதையும் சக்கையும் வெளியேற்று எக்கியின் வடிகட்டியை அடைக்கின்றன.

சுண்ணப் படிவை நீக்கக் கடைகளில் எலுமிச்சை உப்பு எனக் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூளே தகுந்தது. 250 மில்லிலிட்டர் வினிகர் கரைக்கக்கூடிய படிவு கூடினால் 8 கிராம். 100 கிராம் சிட்ரிக் அமிலம் கணக்களவில் 78 கிராம் வரை கரைக்கும், நடைமுறையில் சற்றுக் குறைவாக. இயந்திரத்தின் கையேடு தடை செய்யாவிடில், துணியின்றி 60 பாகை செல்சியசில் ஒரு சுற்று ஓட்டி, பின்னர் வெற்று நீரில் மற்றொரு சுற்று ஓட்டலாம். இதனை ஆண்டில் ஓரிரு முறைக்கு மேல் செய்யத் தேவையில்லை.

வெளுப்பானுடன் கலத்தல்

சோடியம் ஐப்போகுளோரைட்டு அடங்கிய நீர்ம வெளுப்பானுடனோ, பிளீச்சிங் தூளுடனோ வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம் ஆகிய எதுவும் சேரக் கூடாது. அமிலம் பட்டதும் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளியேறுகிறது. மூடிய குளியலறையில் சிறிதளவே போதும், கண்ணும் தொண்டையும் எரிந்து மூச்சுத் திணறல் ஏற்படும். வெளுப்பான் இட்ட துவைப்பைத் தொடர்ந்து அலசல் பெட்டியில் வினிகர் வைப்பதும் இவ்வாறே ஆபத்தானது. துணியில் வெளுப்பான் எஞ்சியிருக்கும். தவறிக் கலந்துவிட்டால் வாளியைக் கிளறாமல் உடனே வெளியேறி, இயன்றால் போகும் வழியில் கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மூச்சுத் திணறல் நீடித்தால் மருத்துவ உதவி தேவை.