முந்தா: ஆண்டுக்கு ஒரு வீடு

தாஜிக சோதிடத்தில், பிறந்த லக்னத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு ராசி நகரும் புள்ளி முந்தா எனப்படும். முடிவு எனப் பொருள்படும் 'இன்திஹா' என்ற அரபுச் சொல்லின் திரிபு இது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வெட்டியஸ் வாலன்ஸ் கிரேக்கத்தில் எழுதிய முறை, அரபு வழியாக இந்தியா வந்தது. 1587இல் நீலகண்டரின் 'தாஜிக நீலகண்டி' அதை வடமொழியில் விளக்கியது.

மேஷ லக்னத்தாருக்கு 30 வயது நிறைந்தால் 31ஆம் ஆண்டு தொடங்கும். 31ஐ 12ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே முந்தா ஏழாம் வீடான துலாமில் நிற்கும். அவ்வாண்டில் திருமணம், கூட்டுத்தொழில் பற்றிய பலன் பார்ப்பர். நிறைந்த வயதையே வகுத்துவிடுவது வழக்கமான பிழை. 12, 24, 36 வயது நிறையும்போது முந்தா லக்னத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லையேல் கணக்கு தவறு.

கிரேக்க முறையில் துலாமின் அதிபதி சுக்கிரனே அவ்வாண்டின் தலைவர். தாஜிகத்திலோ, ஆண்டின் அதிபதியாகத் தகுதியுள்ள ஐவருள் அவரும் ஒருவர், அவ்வளவே. இரவல் வாங்கிய முறை இங்கே இவ்வாறு மாறியது.