திருப்பாவையின் ஈற்றுத் தொடர்: எல்லையும் பொருளும்

திருப்பதி வட்டாரத்தில் கூட்டாகப் பாடுதற்குரிய பத்திப் பாடல்கள் இருவகை அமைப்பில் வழங்குகின்றன. தாளப்பாக்கம் அன்னமாசாரியாரின் (1408–1503) தெலுங்குக் கீர்த்தனைகளில் பல்லவி தனித்து நின்று, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் மீளப் பாடப்பெறும். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஓதப்பெறும் ஆண்டாளின் தமிழ்த் திருப்பாவையிலோ, மீளும் தொடர் பாட்டின் இறுதியடியிலேயே கலந்துள்ளது. அக்கலப்பு எத்தகையது, மொழிபெயர்ப்பாளர்க்கு அதனால் எழும் இடர் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருப்பாவை முப்பது பாசுரங்கள் கொண்டது. ஒவ்வொன்றும் நாற்சீரடி எட்டால் இயன்ற கொச்சகக் கலிப்பா. ‘ஏலோர் எம்பாவாய்’ என்னும் தொடர் தனியடியாக நில்லாமல், எட்டாமடியின் மூன்றாஞ்சீரின் பிற்பகுதியையும் நான்காஞ்சீரையும் நிரப்புகிறது. முதற்பாசுரத்தில் ‘படிந்து’ என்பதன் குற்றியலுகரம் கெட்டுப் ‘படிந்தேலோ’ எனச் சீராகிறது. ஏழாம் பாசுரத்தில் ‘திற’ என்பது வகர உடம்படுமெய் பெற்றுத் ‘திறவேலோ’ என்றாகிறது. ஓதுவோர் பாட்டுக்கும் ஈற்றுத் தொடருக்கும் இடையே மூச்சுவிட இடமில்லை. பாட்டின் இறுதிச்சொல் வாயிலிருந்து நீங்குமுன்னரே குழுவினர் அனைவரும் அறிந்த தொடர் தொடங்கிவிடுகிறது.

‘ஏல்’, ‘ஓர்’ இரண்டையும் பொருளற்ற அசைகளாகக் கொள்வது பெருவழக்கு. ஆயின் ‘ஏல்’ என்பது எதிர்மறை ஏவல் விகுதியாகவும் தமிழில் உண்டு. ஆதலின் எல்லை ஐயத்திற்குரியதாகிறது. பதினேழாம் பாசுர இறுதியில் பலதேவனை நோக்கி ‘உறங்கேலோர்’ என வருகிறது. அது துயிலெழுப்பும் பாட்டாதலின் ‘உறங்கேல்’ என எதிர்மறையாகவே கொள்ளல் வேண்டும். விகுதியும் ஈற்றுத் தொடரின் முதற்சொல்லும் அங்கே ஒரே ஒலியில் அடங்கிவிடுகின்றன. இருபத்தொன்பதாம் பாசுரத்தில் கண்ணனை நோக்கி ‘மாற்றேலோர்’ என வருகிறது. அங்கே வேண்டப்படுவது பிற விருப்பங்களை நீக்குதலாதலின், ‘மாற்று’ என உடன்பாடாகவே பிரித்தல் வேண்டும். எதிர்மறையாகக் கொண்டால் பாட்டின் கருத்தே தலைகீழாகும். ஒலியமைப்பு இரண்டிலும் ஒன்றே. எல்லையை முடிவு செய்வது புணர்ச்சி விதியன்று, பாட்டின் சூழலே.

முப்பதாம் பாசுரம் பயன் கூறுவது. அதில் ‘ஏலோர்’ இல்லை. ஆயினும் ‘இன்புறுவர்’ என்னும் வினைமுற்றின் ரகர ஒற்று அடுத்த உயிருடன் சேர்ந்து, பழகிய ‘ரெம்பாவாய்’ என்னும் ஒலியையே தருகிறது. தொடர் குறைந்தும் குழுவின் செவிக்குக் குறை தோன்றுவதில்லை.

எனவே ஈற்றுத் தொடரைப் பல்லவியெனக் கருதித் தனியே பிரித்து, முப்பது முறையும் ஒரே சொற்களால் பெயர்ப்பது பொருந்தாது. முதலில் ஒவ்வொரு பாசுரத்தின் இறுதி வினையையும் சூழல்கொண்டு துணிந்து, அதன் பின்னரே ஈற்றுத் தொடரைப் பெயர்த்தல் வேண்டும். சாந்திபுரம், குப்பம் போன்ற எல்லையோரச் சித்தூர்ப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. ஒரே பாட்டை இருமொழியினரும் கூடிப் பாடும் இத்தகைய சூழலில் ஓசையைக் காத்தல் எளிது. ‘மாற்றேலோர்’ என்பதன் பொருளைக் காத்தற்கோ விளக்கவுரை இன்றியமையாதது.