ஒரே கடை, இரண்டு நோட்டீஸ்

கோவில்பட்டியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாக்கி மட்டை, கிரிக்கெட் பேட், ஷட்டில், ஜெர்சி, ஷூ, பள்ளிக்கூடங்களுக்கான கோப்பைகள் எல்லாம் கிடைக்கும். 2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. சுதந்திர தினத்தையொட்டித் தள்ளுபடி போடப் போகிறார் முதலாளி. அதற்கு இரண்டு நோட்டீஸ்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது, வருஷா வருஷம் பல ஊர்களில் கண்ணில் படும் வாசகங்களைக் கொண்டு நான் ஒட்டுப்போட்டது. இரண்டாவது, அதே சரக்கை விற்க நானே வேறு மாதிரி எழுதிப் பார்த்தது.

முதல் நோட்டீஸ்:

"79-வது சுதந்திர தின அதிரடி! விலைவாசியிலிருந்து விடுதலை! அன்று வெள்ளையனே வெளியேறு, இன்று பழைய ஸ்டாக்கே வெளியேறு! 79% வரை தள்ளுபடி! கட்டபொம்மன் ஆஃபர்: வரி கட்ட வேண்டாம், ஜி.எஸ்.டி. எங்களுடையது! தியாகிகளுக்கு வீரவணக்கம். ஆகஸ்ட் 15, காலை 7 முதல் இரவு 11 வரை. நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

பின்னணியில் முழுத் தேசியக் கொடி. நடுவில் அசோகச் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கால்பந்து.

இரண்டாவது நோட்டீஸ்:

"1936 ஆகஸ்ட் 15, பெர்லின். ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் தியான் சந்த் தலைமையிலான இந்திய அணி ஜெர்மனியை 8–1 என்று வென்றது. வெற்றிக்கு ஏற்றப்பட்டது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடி. சரியாக 11 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெற்றது. அனைவருக்கும் சுதந்திர தின வாழ்த்துகள். இன்று கடைக்கு விடுமுறை."

இதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே:

"ஆகஸ்ட் 16, 17, சனி, ஞாயிறு: ஹாக்கி மட்டை, பந்து, ஷின் கார்டு ஆகியவற்றுக்கு எங்கள் வழக்கமான விற்பனை விலையில் 15% குறைவு. மற்ற சாமான்களுக்கு 10%. ஷூவுக்குத் தள்ளுபடி இல்லை. காலை 9 முதல் இரவு 9 வரை."

முதலாவதில் உயிர் இல்லை என்று சொல்ல முடியாது. 'பழைய ஸ்டாக்கே வெளியேறு' என்று படித்ததும் யாருக்கும் ஒரு புன்னகை வரும். வம்பே அங்கேதான். அந்தச் சிரிப்பு எதிலிருந்து வருகிறது? 1942-இல் அந்த முழக்கத்தைச் சொன்னதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள் என்பது படிப்பவருக்குத் தெரியும். அவ்வளவு கனமான வாசகத்தைக் கொண்டுவந்து, விற்காமல் கிடக்கும் போன வருஷத்து ஜெர்சியின் மேல் வைத்ததால்தான் சிரிப்பு வருகிறது. நகைச்சுவை நன்றாக வேலை செய்யும் அளவுக்கு அந்த நாள் மலினப்படுகிறது. 'விலைவாசியிலிருந்து விடுதலை'யும் இதே ரகம்தான், அதில் சிரிப்புகூட இல்லை.

கோவில்பட்டியில் கட்டபொம்மன் பெயர் இன்னும் நெருடும். அவர் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட கயத்தாறு பக்கத்து ஊர்தான். நெல்லைக்குப் போகிறவர்கள் அந்த நினைவிடத்தைக் கடந்துதான் போகிறார்கள். வரி என்றதும் அவர் பெயர் நாக்கில் வருவதற்குச் சினிமா வசனம் காரணம். அது வந்துவிடுகிறது என்பதற்காக எழுதிவிட வேண்டுமா? எனக்கென்று ஒரு அளவுகோல் உண்டு. ஒருவர் சாவை நினைவூட்டும் பெயரும் ஒரு விலையும் ஒரே வாக்கியத்தில் வரக் கூடாது. இதே நோட்டீஸில் 'தியாகிகளுக்கு வீரவணக்கம்' என்று இருப்பதும் உதவவில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகள் அதை மென்று தின்றுவிடுகின்றன.

79 என்ற எண்ணையும் சும்மா விட முடியாது. 1947 ஆகஸ்ட் 15-ஐ முதலாவதாக எண்ணுவதால் 2025-இல் வருவது 79-வது சுதந்திர தினம். நிறைவடைந்தவை 78 ஆண்டுகள். '79 ஆண்டு சுதந்திரம்' என்று அச்சடித்துவிட்டுத் திருத்த முடியாமல் விழிக்கும் கடைகள் உண்டு. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், ஒரு நாட்டின் வயதைத் தள்ளுபடி சதவீதமாக்கினால் இன்னொரு சிக்கல் வரும். உண்மையில் 79% குறைத்து எந்தக் கடையும் பிழைக்காது. ஆகவே 'வரை' என்ற குட்டிச் சொல் தேவைப்படும். மூலையில் கிடக்கும் இரண்டு டஜன் பழைய சாக்ஸுக்கு மட்டும் அந்த 79 பொருந்தும். எண்ணின் மரியாதையைக் காப்பாற்ற வாடிக்கையாளரை ஏமாற்ற வேண்டியதாகிறது.

இனி கொடி. 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிகள், கொடியை எந்த வடிவிலும் விளம்பரமாகப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடியின் மேல் எழுத்துப் பொறிப்பதை அவமதிப்பு என்கிறது. இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடி வருவதையும், கைக்குட்டையிலும் உடைத் துணியிலும் அதை அச்சிடுவதையும் அப்படியே சொல்கிறது. விளையாட்டுக் கடைக்காரர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மூவர்ண ஷார்ட்ஸ், கொடி போட்ட வியர்வைத் துண்டு, தலையில் கட்டும் துணி எல்லாம் அவர் அலமாரியில்தான் தொங்குகின்றன. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டமும் தேசியக் கொடியை அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. காந்தி, நேரு பெயர்களும் படங்களும் அதே பட்டியலில் உண்டு.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், நோட்டீஸ் போய்ச் சேரும் இடத்தை யோசிக்கலாம். பேருந்து நிலையத்தில் கையில் திணித்த காகிதம் அரை மணி நேரத்தில் தரையில் கிடக்கும். அதன் மேல் செருப்புகள் நடக்கும். சக்கரத்தைப் பந்தாக்கியது ஒரு தவறு என்றால், கொடியைக் காலடிக்கு அனுப்பி வைப்பது அதைவிடப் பெரிது. இரண்டாவது நோட்டீஸ் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அவ்வளவே. அச்சகத்தில் 'ஓரத்தில் மூவர்ணப் பட்டையாவது போடலாமே' என்பார்கள். போட்டால் குற்றமில்லை, ஆனால் இல்லாமலே வாசகம் நிற்கிறது.

இரண்டாவதில் எனக்குப் பிடித்தது அதன் தலைப்பு வாக்கியம். தேசபக்தி என்று ஒரு சொல்லும் இல்லை. நாள், ஊர், கோல் கணக்கு, கொடி. 1936 போட்டியில் அதுவரை இந்தியா ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் நான்கையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றிருந்தது. ஜெர்மனி போட்ட அந்த ஒன்றுதான் இந்தியாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல். ஹாக்கி ஆடிப் பழகிய கோவில்பட்டியில் இந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பையனும் ருசிப்பான். ஹாக்கியே தெரியாத ஊரில் இதே வரியை அச்சிட்டால் இரவல் பெருமையாகிவிடும். அங்கே வேறு உண்மையைத் தேட வேண்டும்.

ஆனால் இந்த உண்மையிலும் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. இறுதி ஆட்டம் முதலில் 14-ஆம் தேதி நடப்பதாக இருந்தது; மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. மவுண்ட்பேட்டன் 1947-க்கு அந்தத் தேதியைத் தேர்ந்ததற்குக் காரணம் ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நாள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எனவே நோட்டீஸ் 'அதே தேதியில்' என்பதோடு நின்றுவிடுகிறது. 'அன்றே விதி எழுதியது' என்று ஒரு சொல் கூடியிருந்தால் பொய்யாகியிருக்கும். எழுதுகிறவருக்கு ரொம்பவும் கை அரிக்கும் இடம் இது.

ஷூ விஷயமும் அப்படித்தான். ஈரத் தரையில் வழுக்கியதால் இரண்டாம் பாதியில் தியான் சந்த் ஆணி ஷூவைக் கழற்றிவிட்டு ஆடினார் என்று பரவலாகச் சொல்வார்கள். ஷூ விற்கும் கடைக்கு இதைவிட ருசியான செய்தி கிடைக்குமா? 'எங்கள் ஷூ இருந்திருந்தால் கழற்றியிருக்க மாட்டார்' என்று ஒரு வாக்கியம் தானாக எழுந்து நிற்கும். அதை எழுதிய நிமிஷமே மேலே சொன்ன ஆட்டம் முழுவதும் ஷூவுக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடும். இந்த நோட்டீஸில் ஷூவுக்குத் தள்ளுபடி இல்லாதது லாபக் கணக்கால்தான். ஆனாலும் இந்த ஆசையைத் தவிர்க்க அது வசதியாக அமைந்தது.

நடுவில் உள்ள கோட்டை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். கோட்டுக்கு மேலே விலை கிடையாது. கீழே வரலாறு கிடையாது. மேல் பகுதியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாலும் அது முழுமையான வாழ்த்து. கீழ்ப் பகுதியைத் தனியாக எடுத்தாலும் அது முழுமையான விலை அறிவிப்பு. முதல் நோட்டீஸை அப்படி வெட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் வெட்டினாலும் தியாகமும் தள்ளுபடியும் சேர்ந்தே கிழியும்.

கீழ்ப் பகுதியில் 'வழக்கமான விற்பனை விலையில்' என்ற மூன்று சொற்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பேட்டின் எம்.ஆர்.பி. 2,400 ரூபாய். கடையில் எப்போதும் அதை 1,950-க்குத் தருகிறார்கள். சுதந்திர தினத்தன்று '20% தள்ளுபடி' என்று எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்தால் 1,920. முப்பது ரூபாய்தான் மிச்சம். வழக்கமான விலையிலிருந்து 10% குறைத்தால் 1,755. சதவீதம் சிறிது, சலுகை பெரிது. எம்.ஆர்.பி.யில் எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் தீபாவளிக்கும் உண்டுதான். ஆனால் நாட்டின் பெயரைச் சொல்லிச் செய்யும்போது கசப்பு இரட்டிப்பாகிறது.

வேலை நேரம்தான் மிச்சம். ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை. அன்று ஊழியர்களை வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுப்போ தர வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 1958 முதல் உள்ள சட்டம். முதல் நோட்டீஸின் 'காலை 7 முதல் இரவு 11 வரை' என்பது, கல்லாவில் நிற்கும் பையன் கொடியேற்றத்துக்குப் போக மாட்டான் என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறது. இரண்டாவது நோட்டீஸ் அன்று கடையை மூடுகிறது. எல்லாக் கடைக்கும் அது கட்டுப்படியாகாது. மூட முடியாதவர் 'மாலை 4 மணிக்குத் திறக்கிறோம்' என்று போடலாம். இரட்டைச் சம்பளத்தைக் கணக்கில் எழுதிவிட்டுப் போடலாம்.

இரண்டாவது நோட்டீஸுக்குக் குறை இல்லாமல் இல்லை. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அதில் எதுவும் பிடிபடாது. ஃப்ளெக்ஸுக்கு அது உதவாது. ஃப்ளெக்ஸ் வேண்டுமானால் கீழ்ப் பகுதியை மட்டும், 'ஹாக்கி மட்டை 15% குறைவு, ஆகஸ்ட் 16, 17' என்று பெரிய எழுத்தில் போட்டால் போதும். சுதந்திர தினம் என்று அதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தேதியைப் பார்த்தாலே ஜனங்களுக்குத் தெரியும்.

அந்த ஷூக் கதை வீணாகவும் வேண்டாம். ஆகஸ்ட் 29 தியான் சந்தின் பிறந்தநாள். தேசிய விளையாட்டு தினமும் அதுவே. அன்றைக்கு அவரைப் பற்றி முழுப் பக்கம் எழுதலாம், ஷூவையும் சொல்லலாம். ஹிட்லர் அவருக்கு ஜெர்மன் ராணுவப் பதவி தருவதாகச் சொன்னார் என்ற கதையை மட்டும் விட்டுவிடலாம்; அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது.