வங்கிப் பரீட்சை: பிரித்து எழுதினால் வரும் இழப்பு

போர்க்காலத்தில் வெள்ளவத்தைக் கிளையில் வேலை செய்தபோது, சோதனைச்சாவடிகளுக்குப் பயந்து வங்கிப் பரீட்சைப் பாடங்களை ஒவ்வொன்றாகவே எழுதினேன். அண்மையில், சென்னை வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருக்கும் மருமகன் தனது ஜெ.ஏ.ஐ.ஐ.பி. புள்ளிகளைச் சொன்னான்: 46, 48, 52, 56.

இரண்டு பாடங்கள் 50 ஐத் தொடவில்லை. ஆனாலும் சித்தி. நான்கையும் ஒரே அமர்வில் எழுதி, ஒவ்வொன்றிலும் 45 உம், சராசரியாக 50 உம் எடுத்தால் போதும் என்பது அங்குள்ள விதி. அவனது மொத்தம் 400 இற்கு 202. இதே புள்ளிகளை இரு அமர்வுகளில் எடுத்திருந்தால், 46 உம் 48 உம் தவறியவையே. ஒரு சம்பள ஏற்றமும் தள்ளிப்போயிருக்கும்.

கொட்டாஞ்சேனையில் இப்போது படிக்கும் பிள்ளைகளே, பாடங்களைப் பிரிக்க முன், இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் விதியையும், பதவி உயர்வு பற்றிய உங்கள் வங்கியின் சுற்றறிக்கையையும் வாசியுங்கள்.