ஒழுங்கு நடவடிக்கை விசாரணைச் சுருக்கக் குறிப்பு

ஒழுங்கு நடவடிக்கை விசாரணைச் சுருக்கக் குறிப்பு என்பது, ஊழியர் ஒருவர் மீது நடைபெற்ற துறைவாரி விசாரணையின் பதிவேடுகளைச் சுருக்கி, தண்டனை குறித்து முடிவெடுக்கும் குழுவின் முன் வைக்கப்படும் அலுவலக ஆவணம் ஆகும். இதில் குற்றச்சாட்டுகள், ஊழியரின் பதில், சாட்சிகள், விசாரணை அலுவலரின் முடிவு, முன்மொழியப்படும் தண்டனை ஆகியன வரிசையாக இடம்பெறும். குறிப்பை எழுதுபவரின் கருத்து இதில் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை இந்தியாவில் உள்ள அரசு மற்றும் பொதுத்துறை அமைப்புகளின் நடைமுறையை விவரிக்கிறது.

## பின்னணி

இந்திய அரசியலமைப்பின் 311ஆம் பிரிவின்படி, குடிமைப் பணியில் உள்ள ஒருவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ வேண்டுமெனில், சில விதிவிலக்குகள் தவிர, குற்றச்சாட்டுகளை அவருக்குத் தெரிவித்து, அவற்றுக்குப் பதிலளிக்கத் தகுந்த வாய்ப்பு அளித்து விசாரணை நடத்த வேண்டும். மைய அரசு ஊழியர்களுக்கு இதன் விரிவான நடைமுறை 1965ஆம் ஆண்டின் மையக் குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளின் 14ஆம் விதியில் உள்ளது. தமிழ்நாடு அரசு ஊழியர்கள் மீதான பெருந்தண்டனை நடவடிக்கைகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(ஆ) விதியின்கீழ் நடைபெறுகின்றன. வாரியங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் பெரும்பாலும் இவற்றை ஒத்த விதிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டுள்ளன.

விசாரணை நடத்துபவரும் தண்டனை விதிப்பவரும் பல நேர்வுகளில் வேறு வேறானவர்கள். தண்டனை விதிக்கும் அதிகாரம் ஒரு குழுவிடம் இருக்கும்போது, அதன் உறுப்பினர்கள் சில நூறு பக்கங்கள் கொண்ட கோப்பு முழுவதையும் படிப்பது அரிது. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் நான்கைந்து பக்கச் சுருக்கக் குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பை ஊழியர் பார்ப்பதில்லை. எனவே அதில் உள்ள பிழையை அவரால் சுட்டிக்காட்டவும் இயலாது. குறிப்பில் கருத்து இடம்பெறக்கூடாது என்னும் நெறிக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

## உள்ளடக்கம்

மைய விதிகளின்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணையுடன் நான்கு இணைப்புகள் வழங்கப்படுகின்றன. அவை குற்றச்சாட்டுகள், அவற்றுக்கான நிகழ்வு விவரம், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல் என்பன. சுருக்கக் குறிப்பும் இவற்றிலிருந்தே தொடங்குகிறது. குறிப்பு ஆளுக்கு ஆள் எழுதப்படாமல், குற்றச்சாட்டு வாரியாக எழுதப்படும். ஒவ்வொரு குற்றச்சாட்டின் கீழும் பின்வருவன இடம்பெறும்.

* குற்றச்சாட்டு: குறிப்பாணையில் உள்ள சொற்களிலேயே தரப்படும். இதைச் சுருக்கினால் குற்றச்சாட்டே மாறிவிடக்கூடும்.
* ஊழியரின் பதில்: எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார், எதற்கு விளக்கம் தருகிறார் என்பன தனித்தனியே தரப்படும்.
* சாட்சிகளும் ஆவணங்களும்: ஒவ்வொரு சாட்சியின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் அடுத்தடுத்து, பக்க எண்ணுடன் தரப்படும்.
* விசாரணை அலுவலரின் முடிவு: மெய்ப்பிக்கப்பட்டது, பகுதியளவில் மெய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படவில்லை என்பவற்றுள் ஒன்றும், அதற்கு அவர் கூறிய காரணமும் தரப்படும்.
* அறிக்கையின் மீது ஊழியரின் முறையீடு: விசாரணை அறிக்கையின் படியைப் பெற்ற பின் அவர் எழுதியது.

இறுதியாக உள்ளது முக்கியமானது. இ.சி.ஐ.எல். நிறுவனத்துக்கும் பி. கருணாகருக்கும் இடையிலான வழக்கில் 1993இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தண்டனை விதிக்கும் அதிகாரி விசாரணை அலுவலர் அல்லாத வேறொருவராக இருந்தால், அவர் முடிவெடுக்கும் முன்னரே அறிக்கையின் படியை ஊழியருக்குத் தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மைய விதிகளில் இதற்குப் பதிலளிக்க 15 நாள்கள் தரப்படுகின்றன. இந்த முறையீடு குறிப்பில் விடுபட்டால், அந்த வாய்ப்பு பெயரளவிலானதாகிவிடும்.

## முன்மொழியப்படும் தண்டனை

விசாரணை அலுவலரின் பணி குற்றச்சாட்டின் மீதான முடிவுடன் நிறைவடைகிறது. தண்டனையைப் பரிந்துரைப்பது அவருடைய பணியன்று. எனவே முன்மொழிவு யாரிடமிருந்து வந்தது, எந்த விதியின் எந்த உட்பிரிவின் கீழ் வருகிறது, அது சிறுதண்டனையா பெருந்தண்டனையா என்பவற்றைக் குறிப்பு தெளிவாகக் கூற வேண்டும். மைய விதிகளில் கண்டனம், பதவி உயர்வை நிறுத்தி வைத்தல், இழப்பைப் பிடித்தம் செய்தல், ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தல் முதலியன சிறுதண்டனைகள். பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு முதலியன பெருந்தண்டனைகள்.

தண்டனையின் பெயருடன் அதற்குரிய நிபந்தனையையும் எழுதுவது நல்ல வழக்கம். இழப்பைப் பிடித்தம் செய்வதாயின், ஊழியரின் கவனக்குறைவாலோ ஆணை மீறலாலோ அமைப்புக்குப் பண இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். ஊதிய உயர்வை நிறுத்தி வைப்பதாயின், அது பின்வரும் ஆண்டுகளின் ஊதியத்தையும் பாதிக்குமா என்பதைச் சொல்ல வேண்டும்.

## எடுத்துக்காட்டு

பின்வருவது நடைமுறையை விளக்குவதற்கான கற்பனை நேர்வு ஆகும். வாரியம் ஒன்றின் பண்டகக் காப்பாளர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் உள்ளன. முதலாவது, இருப்புச் சரிபார்ப்பில் பதிவேட்டின்படி 320 சிமெண்டு மூட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் 280 மட்டுமே இருந்தன. 40 மூட்டைகள் குறைந்ததால் வாரியத்துக்கு இழப்பு ஏற்பட்டது என்பது. இரண்டாவது, இண்டெண்ட் எனப்படும் கையொப்பமிட்ட கோரிக்கைச் சீட்டு இன்றி 25 மூட்டைகளை அவர் வழங்கினார் என்பது.

ஊழியரின் பதிலின்படி, 40 மூட்டைகளில் 15 மழையில் நனைந்து இறுகிப்போனவை. அதை அப்போதே கடிதம் மூலம் தெரிவித்துள்ளார். மீதி 25 மூட்டைகளைப் பணியிடப் பொறியாளர் தொலைபேசியில் கேட்டதால் வழங்கினார். சீட்டு மறுநாள் வருவதாக இருந்தது. விசாரணையில் பொறியாளர், தாம் தொலைபேசியில் கேட்கவில்லை எனச் சாட்சியம் அளித்தார். குறுக்கு விசாரணையில், குறிப்பிட்ட நாளில் கான்கிரீட் இடும் பணி நடந்ததையும், 25 மூட்டைகள் பணியிடத்துக்கு வந்து சேர்ந்ததையும், சில வேளைகளில் சீட்டு மறுநாள் தரப்படுவதுண்டு என்பதையும் கூறினார்.

விசாரணை அலுவலர் 15 மூட்டைகள் குறித்த விளக்கத்தை ஏற்றார். முதல் குற்றச்சாட்டு 25 மூட்டைகள் அளவில் மெய்ப்பிக்கப்பட்டது எனவும், இரண்டாம் குற்றச்சாட்டு முழுவதும் மெய்ப்பிக்கப்பட்டது எனவும் முடிவு கூறினார். பணியாளர் பிரிவு, 25 மூட்டைகளின் விலையைப் பிடித்தம் செய்யவும், ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தி வைக்கவும் முன்மொழிந்தது. தமது முறையீட்டில் ஊழியர், மூட்டைகள் பணியிடத்துக்கு வந்ததாகப் பொறியாளரே கூறியதை அறிக்கை கருத்தில் கொள்ளவில்லை என எழுதினார்.

இந்நேர்வைக் கீழ்க்கண்டவாறு சுருக்கினால் அது தவறான குறிப்பு ஆகும்:

> தாம் உத்தரவு தரவில்லை எனப் பொறியாளர் சாட்சியம் அளித்துள்ளார். சீட்டு இன்றி 25 மூட்டைகளை வழங்கியதை ஊழியர் ஒப்புக்கொண்டுள்ளார். விசாரணை அலுவலர் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக முடிவு செய்துள்ளார்.

இம்மூன்று வாக்கியங்களில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் இதைப் படிக்கும் குழு, வாரியத்துக்கு வந்து சேர்ந்த சிமெண்டுக்கு ஊழியரிடம் பணம் பிடிக்கப்படுகிறதா என்னும் வினாவையே எழுப்பாது. சரியான குறிப்பு பின்வருமாறு அமையும்:

> முதல் விசாரணை: தொலைபேசியில் கேட்கவில்லை (பக். 41). குறுக்கு விசாரணை: 25 மூட்டைகள் அன்று பணியிடத்துக்கு வந்தன, சீட்டு சில வேளைகளில் மறுநாள் தரப்படும் (பக். 43). ஊழியரின் முறையீடு: பக். 43இல் உள்ள பதிலை அறிக்கை கருதவில்லை. முன்மொழிவு: பிடித்தம், இதற்குப் பண இழப்பு ஏற்பட்டிருத்தல் நிபந்தனை.

இங்கும் எழுதுபவர் விசாரணை அலுவலரின் முடிவு தவறு எனக் கூறவில்லை. இழப்பு ஏற்பட்டதா என்பதைத் தீர்மானிப்பது குழுவின் வேலை. அதற்குத் தேவையான பதிவுகளை அருகருகே வைப்பதுடன் குறிப்பின் வேலை முடிகிறது. சீட்டு இன்றி வழங்கிய இரண்டாம் குற்றச்சாட்டு இதனால் மறைந்துவிடுவதும் இல்லை. அது தனித் தலைப்பின் கீழ் அப்படியே நிற்கும்.

## வழக்கமான பிழைகள்

சொல் தேர்வு. "ஒப்புக்கொண்டார்", "மழுப்பினார்", "உறுதியாகக் கூறினார்" போன்ற சொற்கள் எழுதுபவரின் முடிவைத் தாங்கி நிற்கின்றன. கையொப்பம் தம்முடையது என ஊழியர் ஏற்பது, குற்றத்தை ஏற்பதாகாது. "கூறினார்", "எழுதியுள்ளார்" என்பன போதுமானவை.

பூர்வாங்க விசாரணை வாக்குமூலம். குற்றச்சாட்டு வழங்கப்படும் முன்னர் பெறப்பட்ட வாக்குமூலங்கள் கோப்பில் இருக்கும். அவற்றை அளித்தவர் முறையான விசாரணைக்கு வராமலும், ஊழியர் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாமலும் போயிருந்தால், அவ்வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் குறிப்பில் சேர்ப்பது பிழை. பட்டியலில் உள்ள சாட்சிகளின் எண்ணிக்கையும், விசாரிக்கப்பட்டோர், கைவிடப்பட்டோர், வராதோர் ஆகியோரின் கூட்டுத்தொகையும் ஒத்திருக்கிறதா எனப் பார்த்தால் இப்பிழை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முந்தைய பணிப் பதிவு. "இவர் ஏற்கனவே இருமுறை கண்டிக்கப்பட்டவர்" என்னும் வரி, குற்றச்சாட்டில் இடம்பெறாத நிலையில், குறிப்பில் நுழைவதுண்டு. பழைய பதிவுகளைக் கொண்டு தண்டனையைத் தீர்மானிப்பதாயின் அதை ஊழியருக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும் என்பது, மைசூர் மாநிலத்துக்கும் கே. மஞ்சே கவுடாவுக்கும் இடையிலான வழக்கில் 1960களில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி ஆகும்.

சாட்சிகளை எண்ணுதல். "நான்கு சாட்சிகள் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் உள்ளனர்" என எழுதுவது எடைபோடுதலே ஆகும். துறைவாரி விசாரணையில் குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நிகழ்ந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்பதே அளவுகோல். எனினும் அந்த வாய்ப்பு சாட்சியத்தின் தன்மையைப் பொறுத்ததேயன்றி, தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று.

## வரம்புகள்

சுருக்கக் குறிப்பு கோப்புக்கு மாற்றாகாது. குழுக் கூட்டத்தில் மூலக் கோப்பும் வைக்கப்பட வேண்டும்; பக்க எண்கள் தரப்படுவது உறுப்பினர்கள் அதைத் திறந்து பார்ப்பதற்கே. விசாரணை அலுவலரின் முடிவிலிருந்து குழு மாறுபட எண்ணினால் குறிப்பு மட்டும் போதாது. மாறுபடுவதற்கான தற்காலிகக் காரணங்களை ஊழியருக்கு அனுப்பி, அவருடைய பதிலைப் பெற்ற பின்னரே முடிவெடுக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1998இல் பஞ்சாப் நேசனல் வங்கிக்கும் குஞ்ச் பிகாரி மிஸ்ராவுக்கும் இடையிலான வழக்கில் கூறியது. அந்நேர்வில் அப்பதிலும் சேர்க்கப்பட்ட புதிய சுருக்கக் குறிப்பு குழுவின் முன் மீண்டும் வைக்கப்படும்.